"காட்டித்தான் விட்டேன்" என்றால் கொமிஷன் எதற்கு?



கொஞ்சம் நீளமான பதிவு. பழைய மோட்டார் சைக்கிள் வாங்க, விற்க யோசிக்கிறவர்களும், நடுவில் நின்று கொமிஷன் எடுக்கிற தம்பிமாரும் கடைசிவரை வாசியுங்கள். யாரையும் பெயர் சொல்லிக் குத்துகிற நோக்கம் எங்களுக்கு இல்லை. ஆனால் ஒரு வசனத்தை இனியும் சும்மா கேட்டுக்கொண்டிருக்க எங்களால் முடியாது.

அந்த வசனம் இதுதான்: "நான் காட்டித்தான் உட்டன். மிச்சம் அவங்கட விசயம்."

வாங்கின பைக்கில் பிரச்சினை வந்து, வாங்கினவர் புரோக்கரைத் தேடிப் போனால் முதலில் வருகிற பதில் இது. பேரம் பேசுகிற அன்று அதே வாய் சொன்னது வேறு. "காக்கா, நான் இரிக்கன். பேப்பர் எல்லாம் பக்கா. என்னை நம்பி எடுங்க." எடுக்கும்போது பொறுப்பு, எடுத்த பிறகு வெறும் வழிகாட்டி. இரண்டில் எது உண்மை? வெறுமனே காட்டித்தான் விட்டதென்றால் அதற்கு ஏன் பத்தாயிரம்?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். புரோக்கர் வேலை கேவலமான வேலை என்று சொல்கிறவர்களோடு நாங்கள் இல்லை. எங்களிடம் படித்து, ஓ.எல். முடித்து, சொந்தக் கடை போட முதல் இல்லாமல், ஒரு போனை வைத்துக்கொண்டு இந்த வேலைக்கு இறங்கின பிள்ளைகள் இருக்கிறார்கள். விற்கிறவர் ஒரு ஊர், வாங்குகிறவர் இன்னொரு ஊர். இருவரையும் சேர்த்து வைப்பது வேலைதான், அதற்குக் கூலி உண்டு. இமாம் புகாரி தமது தொகுப்பில் தரகர் கூலிக்கென்றே ஒரு தலைப்பு வைத்திருக்கிறார்கள். ஆகவே கொமிஷன் எடுக்கலாமா என்பது இங்கே கேள்வியில்லை. எந்த வேலைக்காக எடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

எங்கள் பதில் நேரானது. பழைய பைக் வியாபாரத்தில் புரோக்கருக்கு இரண்டு வேலை. ஒன்று, தனக்குத் தெரிந்ததை இரண்டு பக்கத்துக்கும் மறைக்காமல் சொல்வது. இரண்டு, விற்றவர் பெயரில் இருக்கிற வண்டி வாங்கினவர் பெயருக்கு மாறும்வரை கூட நிற்பது. இந்த இரண்டும் நடக்காவிட்டால் அங்கே வேலை நடக்கவில்லை. வேலை நடக்காத இடத்தில் கூலி இல்லை.

இப்போது விசயத்துக்கு வருவோம். எங்கள் ஊர்களில் கைமாறுகிற பைக்குகளில் நிறைய "ஓபன் பேப்பர்" வண்டிகள். அது என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். வாகனத்தின் பெயரை மாற்ற மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எம்.டி.ஏ. 6 என்று ஒரு படிவம் இருக்கிறது. விற்கிறவரும் வாங்குகிறவரும் அதில் கையொப்பம் வைக்க வேண்டும். ஓபன் பேப்பர் என்றால், விற்கிறவர் கையொப்பத்தை மட்டும் வைத்து, வாங்குகிறவர் பெயரையும் திகதியையும் வெறுமையாக விட்டு, அடையாள அட்டைப் பிரதியோடு சேர்த்துக் கொடுத்துவிடுவது. அந்தக் கட்டு பிறகு பைக்கோடு சேர்ந்து கைக்குக் கை போகும். கடைசியாக யாருக்கு மனம் வருகிறதோ அவர் தன் பெயரை எழுதிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? காரணம் மூன்று. பெயர் மாற்றினால் கட்டணம் போகும், ஒரு நாள் அலைச்சலும் போகும். அடுத்தது, பதிவுப் புத்தகத்தில் உரிமையாளர்களின் எண்ணிக்கை கூடக் கூட விலை குறையும். "செகண்ட் ஓனர்" என்று சொல்லி விற்கிற வண்டி உண்மையில் ஐந்தாவது ஆளிடம் நிற்கிறது, புத்தகத்துக்கு அது தெரியாது. மூன்றாவது காரணம் புரோக்கருடையது. இன்று வாங்கி நாளை விற்கிறவருக்கும், அவருக்காக ஓடுகிற புரோக்கருக்கும் இடையில் தங்கள் பெயர் எங்கேயும் பதியாமல் இருப்பது வசதி.

சட்டம் என்ன சொல்கிறது? வண்டி கைமாறினால் 14 நாட்களுக்குள் இரண்டு பேரும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும். விற்றவர் எம்.டி.ஏ. 8 படிவத்தில், வண்டியை இன்னாருக்கு இன்ன திகதியில் கொடுத்துவிட்டேன் என்று திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். வாங்கினவர் எம்.டி.ஏ. 6 உடன் புத்தகத்தைக் கொடுத்து தன் பெயருக்குப் பதிய வேண்டும். எம்.டி.ஏ. 6 பற்றி ஓரளவு எல்லாருக்கும் தெரியும். எம்.டி.ஏ. 8 பற்றி விற்கிறவர்களில் பலருக்குத் தெரியவே தெரியாது. புரோக்கருக்குத் தெரியும். அவர் சொல்வதில்லை.

சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒரு பைக்கின் பாதையை உதாரணமாகப் போட்டுப் பார்ப்போம். ஆட்களுக்குப் பெயர் வேண்டாம், இலக்கம் போதும்.

முதலாமவர் 2017இல் புதிதாக எடுத்தார். நல்ல மனிதர், ஒழுங்காக ஓடினார். 2021இல் வீட்டு வேலைக்குச் சல்லி தேவைப்பட்டு விற்றார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய பைக்குக்கும் விலை ஏறியிருந்த காலம். புரோக்கர் இரண்டாமவரைக் கொண்டுவந்தார். "இதில ஒரு சைன் வைங்க சேர், மிச்சத்தை நாங்க பாத்துக்கிறம்" என்றார். முதலாமவர் வெறும் படிவத்தில் கையொப்பம் வைத்தார், சல்லியை எண்ணினார், மறந்துவிட்டார். இரண்டாமவர் எட்டு மாதம் ஓடிவிட்டு மூன்றாமவருக்குக் கொடுத்தார். மூன்றாமவர் நாலாமவருக்கு. ஒவ்வொரு தடவையும் ஒரு புரோக்கர், ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்கமும் ஐயாயிரம் ஐயாயிரமாகப் பத்தாயிரம். மூன்று விற்பனை, முப்பதாயிரம் ரூபா கொமிஷன். புத்தகத்தில் ஒரு எழுத்துக் கூட மாறவில்லை.

இனி நாலாமவர் ஓடுகிறார். சந்தியில் ஒரு வயதான மனிதரில் மோதிவிட்டு நிற்காமல் போய்விடுகிறார். பார்த்தவர்கள் நம்பரைக் குறித்துக் கொடுக்கிறார்கள். பொலிஸ் அந்த நம்பரை வைத்துத் தேடி வருவது யாருடைய வீட்டுக்கு? முதலாமவர் வீட்டுக்கு. "நான் 2021லேயே வித்துட்டன்" என்கிறார். "யாருக்கு?" என்று கேட்கிறார்கள். முழுப் பெயர் தெரியாது. "எழுத்து ஏதாவது இரிக்கா?" இல்லை. எம்.டி.ஏ. 8 அனுப்பியிருந்தால் அதன் பிரதியையும் பதிவுத் தபால் துண்டையும் எடுத்து நீட்டியிருக்கலாம். இப்போது அவர் பொலிசுக்கும் கோர்ட்டுக்கும் நடந்து, தான் ஓடாத வண்டிக்கு, தான் ஓடவில்லை என்று காட்ட வேண்டும். புரோக்கருக்குக் கோல் எடுத்தால், அவர் காட்டித்தான் விட்டவர்.

மறுபக்கம் பாருங்கள். விபத்து எதுவும் நடக்கவில்லை, நாலாமவர் ஒழுங்கான மனிதர், பெயரை மாற்றிக்கொள்ள நினைக்கிறார் என்று வைப்போம். முதலாமவர் இப்போது கட்டாரில். அடையாள அட்டைப் பிரதி மங்கிப்போய்விட்டது. கையொப்பம் பதிவில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்று கவுண்டரில் திருப்பி அனுப்புகிறார்கள். முதலாமவர் மௌத்தாகியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். இறந்தவர் கொடுத்த வெறும் கையொப்பத்தை வைத்துப் பெயர் மாற்றப் போவது ஆபத்தான வேலை. வாரிசுகளைத் தேடி, அவர்கள் சம்மதித்து, அதற்குரிய பத்திரங்களோடு போக வேண்டும். நாலு லட்சம் கொடுத்து எடுத்த பைக் அவருடைய முற்றத்தில் நிற்கிறது, ஆனால் எழுத்தில் அவருடையதில்லை. களவு போனால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது, "வண்டி உங்கட பேர்லயா?"

அடுத்தது லீசிங் வண்டி. பதிவுப் புத்தகத்தில் உரிமையாளர் பெயருக்கு வேறாக, "அப்சலூட் ஓனர்" என்று ஒரு இடம் இருக்கிறது. லீசிங்கில் எடுத்த வண்டியென்றால் அங்கே பைனான்ஸ் கொம்பனியின் பெயர் இருக்கும். அது இருக்கும்வரை, ஓடுகிறவர் அந்த வண்டியைத் தன் இஷ்டத்துக்கு விற்க முடியாது. தவணையை முழுக்கக் கட்டி முடித்தாலும், கொம்பனியிடமிருந்து விடுவிப்புக் கடிதம் எடுத்துத் திணைக்களத்தில் அந்தப் பெயரை நீக்க வேண்டும். பல பேர் தவணை முடிந்த சந்தோஷத்தில் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

இதைவிட மோசமானது, தவணை முடியாமலே கைமாற்றுவது. "கைக்கு ஒன்றரை தாங்க, மிச்சத் தவணையை நீங்க கட்டிக்கொண்டு வாங்க" என்பார்கள். வாங்கினவர் வேறொருவர் பெயரில் மாதம் மாதம் கட்டுவார். நடுவில் விற்றவருக்கு வேறு கடன் வந்து, அல்லது அவரிடம் கொடுத்த தவணைச் சல்லியை அவர் கட்டாமல் விட்டால், கொம்பனி வந்து பைக்கைத் தூக்கிக்கொண்டு போகும். வாங்கினவரிடம் காட்ட ஒரு துண்டும் இருக்காது. அந்தப் புத்தகத்தின் பிரதியைப் பார்த்த புரோக்கருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. வாசிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு வரி.

"சேர், எல்லாரும் இப்பிடித்தான் ஓடுறாங்க. எங்களைப் பிடிச்சு என்னத்துக்கு?" என்று கேட்பார்கள். எல்லாரும் ஓடுவது உண்மை. ஆனால் தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு ஏமாற்றுதல் என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில், நேர்மையற்ற முறையில் உண்மையை மறைப்பதும் ஏமாற்றுதான் என்று விளக்கம் கொடுக்கிறது. பொய் சொன்னால்தான் குற்றம், சொல்லாமல் விட்டால் தப்பு என்று நினைக்கிற தம்பிமார் இதைக் கவனியுங்கள். லீசிங் இருப்பது தெரிந்தே வாயை மூடிக்கொண்டு கொமிஷனை வாங்கியவர், பிறகு "காட்டித்தான் விட்டேன்" என்றால் பொலிஸ் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும் என்று யார் சொன்னது? குறையை மறைத்து விற்கக் கூடாது என்பது எங்கள் மார்க்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். சட்டமும் அதையேதான் சொல்கிறது.

இனிக் கொமிஷன் கணக்கு. இது பலருக்குக் கசக்கும்.

விற்கிறவர் சொல்கிறார்: "எனக்கு மூணு நாப்பது வேணும்." புரோக்கர் வாங்குகிறவரிடம் போய் மூன்று எண்பது சொல்லி, மூன்று எழுபத்தைந்தில் முடிக்கிறார். நடுவில் முப்பத்தைந்தாயிரம். அதற்கு மேலே விற்றவரிடம் ஐயாயிரம், வாங்கினவரிடம் ஐயாயிரம். மொத்தம் நாற்பத்தையாயிரம். இரண்டு பேரும் நேரில் கதைத்துவிடக் கூடாது என்பதற்காக ஒருவரின் நம்பரை மற்றவருக்குக் கொடுப்பதில்லை. சல்லி கொடுக்கிற நேரத்திலும் ஒருவரை வெளியில் நிறுத்திவிட்டு மற்றவரிடம் தனியாகப் போவார்.

இதற்கு மார்க்கத்தில் இடம் இருக்கிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களுடைய கருத்தைக் காட்டுவார்கள்: இந்தத் துணியை விற்றுத் தா, இவ்வளவுக்கு மேல் வருவது உனக்கு என்று ஒருவர் சொல்வதில் தவறில்லை என்பது அது. இதில் அறிஞர்களிடையே வேறு கருத்தும் உண்டு. அதை உலமாக்களிடம் விட்டுவிடுவோம். ஆனால் அந்தக் கருத்தை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். மேலே வருவது உனக்கு என்று சொல்வது யார்? துணியின் சொந்தக்காரர். அவருக்குத் தெரிந்து, அவர் வாயாலே கொடுத்தது. எங்கள் ஊரில் பைக்கின் சொந்தக்காரருக்கு முப்பத்தைந்தாயிரம் மேலே போனது தெரியுமா? தெரிந்திருந்தால் அவர் மேலதிகமாக ஐயாயிரம் கொமிஷனும் கொடுத்திருப்பாரா? அவருக்குத் தெரியாமல் எடுத்ததற்கு அந்தக் கருத்தை ஆதாரமாகக் கொண்டுவரக் கூடாது.

ஆனால் இந்த இடத்தில் பழியை முழுக்கப் புரோக்கர் தலையில் போட்டால் அது நீதியில்லை. வாங்கவும் விற்கவும் போகிறவர்களுக்கும் நாங்கள் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஒரு தம்பி நாலு நாள் பெற்றோல் அடித்து, மூன்று பைக் காட்டி, கராஜுக்குக் கூட்டிப்போய் இஞ்சின் பார்க்க வைத்து, கடைசியில் "எனக்குப் பத்தாயிரம் தாங்க" என்று நேர்மையாகக் கேட்கிறான். என்ன செய்கிறோம்? "ரெண்டாயிரம் வெச்சுக்க தம்பி" என்று கையில் திணிக்கிறோம். அல்லது அவன் காட்டின பைக்கை, அவனுக்குத் தெரியாமல் சொந்தக்காரரோடு நேரே கதைத்து முடித்துவிட்டு, அவனைக் கண்டால் வேறு ரோட்டால் போகிறோம். வெளிப்படையாகக் கேட்டவனுக்கு இரண்டாயிரம், மறைத்து எடுத்தவனுக்கு நாற்பத்தையாயிரம் என்றால், அந்தத் தம்பி அடுத்த தடவை எந்த வழியில் போவான்? மறைக்கிறவனை உருவாக்குகிற ஊர், பிறகு அவனைத் திட்டுவதில் பிரயோசனம் இல்லை.

அதனால் நாங்கள் முன்வைப்பது ஒரு சின்ன ஒழுங்கு. சங்கம் வேண்டாம், கூட்டம் வேண்டாம். ஒவ்வொரு பேரத்திலும் செய்யக்கூடியது.

முதலாவது, கொமிஷன் எவ்வளவு, யார் கொடுப்பது என்பதை பைக்கைக் காட்டுவதற்கு முன்பே இரண்டு பக்கத்துக்கும் சொல்ல வேண்டும். ஒரு வட்ஸ்அப் செய்தி போதும். விற்கிறவரும் வாங்குகிறவரும் சல்லி கைமாறும்போது ஒரே இடத்தில் இருக்க வேண்டும். விலை, திகதி, நேரம், இரண்டு பேரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும், பதிவிலக்கம், எல்லாம் ஒரு தாளில் எழுதி மூன்று பேரும் கையொப்பம் வைத்து ஆளுக்கொரு பிரதி எடுக்க வேண்டும். நேரம் எதற்கு என்றால், அன்று மாலை விபத்து நடந்தால் வண்டி யார் கையில் இருந்தது என்று அந்தத் தாள்தான் சொல்லும்.

இரண்டாவது, கொமிஷனில் பாதி சல்லி கைமாறும் அன்று, மறுபாதி புதுப் பெயரில் புத்தகம் வந்த பிறகு. இது ஒன்று நடந்தால் ஓபன் பேப்பர் வியாபாரம் பாதி தானாகக் குறையும். ஏனென்றால் பெயர் மாறுவதில் இப்போது புரோக்கருக்கும் ஐயாயிரம் ரூபா அக்கறை இருக்கிறது. 14 நாளுக்குள் எம்.டி.ஏ. 8 போனதா என்று விற்றவருக்கு அவரே கோல் எடுத்துக் கேட்பார். பதிவுத் தபால் துண்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வார். நாங்கள் கேட்கிற "கூட நிற்பது" அதுதான்.

மூன்றாவது, புரோக்கர் தன் கண்ணால் பார்க்காததைச் சொல்லக் கூடாது, பார்த்ததை மறைக்கக் கூடாது. பார்க்க வேண்டியது அதிகமில்லை. புத்தகத்தில் இருக்கிற பெயரும் விற்கிறவரின் அடையாள அட்டையும் ஒன்றா? அப்சலூட் ஓனர் இடத்தில் யாராவது இருக்கிறார்களா? சேஸிஸ் நம்பரும் இஞ்சின் நம்பரும் புத்தகத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா? சேஸிஸ் நம்பர் பெரும்பாலும் ஹேண்டிலுக்குக் கீழே, கழுத்துப் பகுதியில் அடித்திருக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பாருங்கள். எழுத்து ஒரே வரிசையில் இல்லாமல் மேலும் கீழுமாக இருந்தாலோ, அரம் போட்ட தடம் தெரிந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தாலோ அந்த பைக்கைத் தொடாதீர்கள். இஞ்சின் மாற்றியிருந்தால் அது புத்தகத்தில் பதிந்திருக்க வேண்டும். பதிவு விபரத்தைத் திணைக்களத்திலேயே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளலாம். விற்கிறவரிடம் புத்தகத்தின் போட்டோப் பிரதி மட்டும் இருந்தால், மூலப்பிரதி எங்கே என்று கேளுங்கள். "வீட்ட இரிக்கி, பிறகு தாரன்" என்றால் சல்லியும் வீட்டிலேயே இருக்கட்டும்.

இவ்வளவு செய்தால் ஒரு மாதத்தில் முடிகிற பேரம் குறையும் என்று தம்பிமார் சொல்வார்கள். குறையும், உண்மைதான். ஓபன் பேப்பர் வண்டிகளை ஒதுக்கினால் கையில் இருக்கிற பைக்குகளில் ஒரு பங்கு போய்விடும். ஆனால் புரோக்கரிடம் விற்க வேறு என்ன இருக்கிறது? பைக் அவருடையதில்லை, சல்லி அவருடையதில்லை. அவர் சொன்னால் நம்பலாம் என்பதைத்தான் அவர் விற்கிறார். அதை ஒரு தடவை முப்பத்தைந்தாயிரத்துக்கு விற்றால், அதே ஊரில் மறுபடி விற்க எதுவும் மிஞ்சாது.

வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை யாராவது "பேப்பர் பக்கா" என்று சொன்னால், "புத்தகம் என் பேருக்கு வந்த பிறகு மிச்சக் கொமிஷன் தாரன், சரியா?" என்று கேளுங்கள். சரி என்கிறவருக்கு, அவர் கேட்ட தொகையைக் குறைக்காமல் கொடுங்கள். தயங்குகிறவரிடம் ஸலாம் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

காணி விசயத்திலும் இதே வசனம் ஓடுகிறது, அங்கே தொகையும் அழிவும் இன்னும் பெரிது. இன்ஷா அல்லாஹ் அதை வேறொரு நாள் எழுதுவோம். இதில் நாங்கள் சொன்ன விசயம் எங்காவது பிழையென்றால் கொமென்டில் திருத்துங்கள். விசயம் சரி, ஆனால் நடக்காது என்றால், எந்த இடத்தில் நடக்காது என்று சொல்லுங்கள். அதைப் பற்றிக் கதைப்போம்.